வைஃபை நன்றாக இருக்கிறது, டேப்லெட் மட்டும் ஏன் ஊர்கிறது?

ஸ்பீட் டெஸ்டில் 90 எம்பிபிஎஸ் வருகிறது சார். ஆனால் பழைய டேப்லெட்டில் ஒரு பக்கம் திறக்க அரை நிமிடம் ஆகிறது. ரூட்டரை மாற்றிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். வைஃபையை அணைத்துவிட்டு, கால்குலேட்டரையும் செட்டிங்ஸையும் திறந்து பாருங்கள். அவையும் திணறினால் ரூட்டரைக் குறை சொல்ல முடியாது. ஸ்பீட் டெஸ்ட் வந்து சேரும் தரவை அளந்துவிட்டு விட்டுவிடும். பிரவுசரோ படங்களையும் கோப்புகளையும் ஸ்டோரேஜில் எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். ஸ்டோரேஜில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

16 ஜிபியில் 400 எம்பிதான் சார்.

அப்படியானால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். ஃபிளாஷ் நினைவகத்தில் பழைய தரவின் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு தொகுதியை மொத்தமாக அழித்த பிறகுதான் எழுத முடியும். அந்தத் தொகுதியில் தேவையான தரவு ஏதாவது இருந்தால், முதலில் அதை வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டும். இடம் தாராளமாக இருந்தால் இந்த வேலை நீங்கள் பயன்படுத்தாத நேரத்தில் நடந்துவிடும். இடம் இல்லாவிட்டால் நீங்கள் திரையைத் தொட்டுக் காத்திருக்கும்போதே நடக்கும்.

என் அப்பாவின் டேப்லெட்டும் இதே 16 ஜிபிதான். வாட்ஸ்அப் வீடியோக்கள் மட்டும் 3 ஜிபிக்கு மேல் சேர்ந்திருந்தன. கணினியில் நகல் எடுத்துவிட்டு அழித்தேன். அப்போதும் இடம் கூடவில்லை. எல்லாம் கேலரியின் குப்பைத்தொட்டியில் கிடந்தன, அதையும் காலி செய்த பிறகுதான் கூடியது. அப்புறம் ரீஸ்டார்ட் செய்து, இரவு முழுவதும் சார்ஜில் வைத்தேன். ஆண்ட்ராய்டு காலி இடத்தை ஒழுங்குபடுத்துவது பெரும்பாலும் அப்படிச் சும்மா இருக்கும் நேரத்தில்தான். காலையில் கீபோர்டு உடனே எழும்பியது. நீங்களும் 2 ஜிபியாவது காலியாக வைத்திருங்கள். ஆப்களில் Clear cache அழுத்தலாம், பாதகமில்லை. Clear storage-ஐ மட்டும் தொடாதீர்கள், வாட்ஸ்அப்பில் அதை அழுத்தினால் உரையாடல்களே போய்விடும்.

நான் ஆப்களை அடிக்கடி ரீசன்ட்ஸில் இருந்து தள்ளிவிடுவேன். அதுவே போதுமே?

ஆப்கள் நிறைய ஓடினால் ரேம் நிரம்பும் என்பது சரிதான். ஆனால் தள்ளிவிட்டால் ஸ்டோரேஜில் ஒரு எம்பிகூடக் குறையாது. அடுத்த முறை அந்த ஆப் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கும் ஸ்டோரேஜைத்தான் படிக்கும். பல ஆப்கள் பின்னணியில் தாமாகவே திரும்ப எழுந்துவிடும். பயன்படுத்தாதவற்றை நீக்குங்கள், நீக்க முடியாதவற்றை Disable செய்யுங்கள்.

அண்ணா, 64 ஜிபி கார்டு போட்டேன். இன்னும் ஸ்லோவாகவே இருக்கு. கார்டு போலியா?

கார்டைப் பிறகு பார்க்கலாம். அதைச் செருகியதால் மட்டும் உள் ஸ்டோரேஜ் காலியாகாது. படங்களையும் வீடியோக்களையும் நீங்கள்தான் அதற்கு மாற்ற வேண்டும். ஆப்களை மாற்றாதீர்கள், கார்டு மெதுவானதாக இருந்தால் இன்னும் மோசமாகும்.

என்னிடம் 5 ஜிபி காலி. ரேம் 1 ஜிபி. எல்லாம் செய்தும் பயனில்லை.

பேக்கப் எடுத்து, ஃபேக்டரி ரீசெட் செய்து, வேறு ஆப் எதுவும் போடாமல் ஒரு நாள் பாருங்கள். அப்போது வேகமாக இருந்தால் ஆப்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். அப்போதும் ஊர்ந்தால் நினைவக சிப் தேய்ந்திருக்கலாம், அல்லது இன்றைய ஆப்களுக்கு 1 ஜிபி ரேம் போதாமல் இருக்கலாம். இரண்டில் எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.