ஒரே ஆய்வில் சராசரியும் சதவீதமும்: மாதிரி அளவு பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: பொதுச் சுகாதாரம் படிக்கும் முதுகலை மாணவி நான். வளரிளம் பெண்களிடையே ஹீமோகுளோபினின் சராசரி அளவையும், இரத்தசோகை உள்ளவர்களின் சதவீதத்தையும் ஒரே ஆய்வில் மதிப்பிட வேண்டும். சராசரியை டெசிலிட்டருக்கு 0.2 கிராம் பிழை எல்லைக்குள் அறிய 217 பேர் போதும் என்றும், சதவீதத்தை 5 புள்ளி பிழை எல்லைக்குள் அறிய 385 பேர் வேண்டும் என்றும் கணக்கு வருகிறது. இரண்டையும் கூட்ட வேண்டுமா, அல்லது இரண்டுக்கும் நடுவான ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம், பெரியதான 385ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெண்ணிடம் ஒருமுறை எடுக்கும் இரத்தத்துளியிலிருந்தே இரண்டு விடைகளும் கிடைப்பதால், கூட்டுவதற்கு இங்கே காரணம் எதுவும் இல்லை. நடுவான எண்ணை, அதாவது 301ஐ எடுத்தால், சராசரிக்குத் தேவைக்கு மேல் கிடைக்கும்; சதவீதத்தின் பிழை எல்லையோ 5 புள்ளியைத் தாண்டி 5.6 ஆகிவிடும்.

ஏன் இங்கே சதவீதம் கூடுதலாகக் கேட்கிறது என்பதையும் பார்த்துவிடுவது நல்லது. சதவீதம் என்பதும் ஒரு சராசரிதான்: இரத்தசோகை உள்ளவருக்கு 1, இல்லாதவருக்கு 0 என்று குறித்து, அந்த எண்களின் சராசரியைக் கண்டால் கிடைப்பது அதுவே. ஆகவே இரண்டுக்கும் பொதுவான வாய்பாடு ஒன்றுதான்:

n = (z × σ / E)²

இதில் σ என்பது திட்ட விலக்கம், E என்பது நீங்கள் ஏற்கும் பிழை எல்லை, 95% நம்பிக்கைக்கு z = 1.96. இரண்டு மதிப்பீடுகளுக்கும் z ஒன்றே என்பதால், எது அதிக ஆட்களைக் கேட்கும் என்பதை σ / E மட்டுமே முடிவு செய்கிறது. உங்கள் கணக்கில் ஹீமோகுளோபினின் திட்ட விலக்கம் 1.5 என்று கொண்டிருக்கிறீர்கள், 1.5 / 0.2 = 7.5. சதவீதத்துக்கு 0.5 / 0.05 = 10. வாய்பாட்டுக்குள் போகும் முன்பே விடை தெரிந்துவிடுகிறது.

இந்த ஒப்பீடு இன்னொன்றையும் காட்டுகிறது. 0, 1 என்ற இரண்டே மதிப்புகள் கொண்ட மாறியின் திட்ட விலக்கம் 0.5ஐத் தாண்ட முடியாது; சரியாக 50% பேர் 1 ஆக இருக்கும்போதுதான் அந்த 0.5 வரும். எனவே 5 புள்ளிக்கு 385 என்பது அதற்கு உச்சவரம்பு. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், இந்திய அளவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1% பேருக்கு இரத்தசோகை இருந்தது. 50%க்குப் பதிலாக இந்த மதிப்பைப் போட்டாலும் 372 பேர் வேண்டும், மிச்சமாவது 13 பேர் மட்டுமே. ஹீமோகுளோபினின் திட்ட விலக்கத்துக்கோ அப்படி ஒரு வரம்பு கிடையாது. அந்த 1.5ஐ முப்பது பேரிடம் செய்த முன்னோட்ட ஆய்விலிருந்து எடுத்திருந்தால், உண்மையான மதிப்பு 1.2 முதல் 2.0 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கக்கூடும். நல்லவேளையாக, அது 2.0 ஆனாலும் 2.0 / 0.2 = 10 என்பதால் 385 பேர் போதும். இப்படி எந்த மதிப்பு வரை உங்கள் எண் தாங்கும் என்று பார்த்து, ஆய்வுத் திட்ட அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கேள்வி: அதே போன்ற ஓர் ஆய்வில், இரத்தசோகை உள்ள பெண்களில் எத்தனை சதவீதத்தினர் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் உட்கொள்கிறார்கள் என்பதையும் 5 புள்ளிக்குள் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டி கேட்கிறார். 385 போதுமா?

பதில்: போதாது. இந்தச் சதவீதத்தின் பகுதி எண் மொத்த மாதிரி அன்று, இரத்தசோகை உள்ளவர்கள் மட்டுமே. அவர்கள் பாதிப் பேர் என்றால், 385இல் ஏறத்தாழ 193 பேர்தான் இக்கேள்விக்குக் கிடைப்பார்கள்; பிழை எல்லை 7 புள்ளியாகிவிடும். 5 புள்ளியேதான் வேண்டுமென்றால் மொத்தம் 770 பேர் தேவை. மாத்திரை பற்றிய தகவலுக்கு 7 புள்ளி போதுமா என்று வழிகாட்டியிடம் முதலில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் போதும்.

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனம் குடும்பங்களின் மாத மருத்துவச் செலவின் சராசரியையும், மருத்துவக் காப்பீடு உள்ள குடும்பங்களின் சதவீதத்தையும் அறிய விரும்புகிறது. முந்தைய ஆய்வில் சராசரி 1,500 ரூபாய், திட்ட விலக்கம் 3,000 ரூபாய். சராசரியை 150 ரூபாய்க்குள்ளும் சதவீதத்தை 5 புள்ளிக்குள்ளும் கேட்கிறார்கள். எங்கள் நிதி 600 குடும்பங்களுக்கே போதும். சதவீதத்துக்கு 385 என்பதால் 600 தாராளம் என்று நினைக்கிறோம், சரியா?

பதில்: சதவீதத்துக்குத் தாராளம்தான். ஆனால் சராசரிக்கு 3,000 / 150 = 20; அதாவது சதவீதத்தின் 10ஐப் போல இரு மடங்கு, ஆகவே ஆட்கள் நான்கு மடங்கு. கணக்கிட்டால் 1,537 குடும்பங்கள் வரும். 600 குடும்பங்களோடு நிறுத்தினால் சராசரியின் பிழை எல்லை 240 ரூபாயாக இருக்கும்.

இந்த இடத்தில் பலரும் திட்ட விலக்கத்தின் மீது கைவைக்கிறார்கள்: மிகப் பெரிய செலவுகளை 'விதிவிலக்கு' என்று நீக்கிவிட்டுத் திட்ட விலக்கத்தை 1,800 ஆகக் குறைத்துக் காட்டினால் மாதிரி அளவும் குறைந்துவிடுகிறது. ஆனால் மருத்துவச் செலவின் சராசரியைத் தீர்மானிப்பவையே அந்தப் பெரிய தொகைகள்தான். களத்திலிருந்து தரவு வந்ததும் திட்ட விலக்கம் மறுபடி 3,000க்கு ஏறும். அறிக்கையில் வாக்களித்த துல்லியம் கிடைக்காது.

செய்யத்தக்கது வேறு. செலவு இவ்வளவு சிதறியிருப்பதற்குக் காரணம், மருத்துவமனையில் உள்நோயாளியாக யாரேனும் சேர்க்கப்பட்ட குடும்பங்களும் மற்றவையும் ஒரே பட்டியலில் கலந்திருப்பது. முதலில் வீடு வீடாகப் பட்டியல் எடுக்கும்போதே, கடந்த ஓராண்டில் யாராவது உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டார்களா என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, குடும்பங்களை இரண்டு அடுக்குகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 2017-18இல் சுகாதாரம் குறித்து நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றிலும் குடும்பங்களை அடுக்குகளாகப் பிரிக்க இந்தத் தகவல் பயன்பட்டது.

உங்கள் எண்களோடு ஒத்துப்போகும் ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். உள்நோயாளி இருந்த குடும்பங்கள் 10%, அவற்றின் சராசரி 6,000, திட்ட விலக்கம் 7,500 என்றும், மற்ற 90% குடும்பங்களின் சராசரி 1,000, திட்ட விலக்கம் ஏறத்தாழ 1,118 என்றும் கொள்வோம். மொத்தச் சராசரி 1,500, திட்ட விலக்கம் 3,000 என்று சரியாகவே வருகிறது. ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் அதன் பங்கையும் திட்ட விலக்கத்தையும் பெருக்கிய அளவுக்கு ஏற்ப எடுக்கும் நெய்மன் முறையில் பிரித்தால், முதல் அடுக்கில் 225, இரண்டாவதில் 302 என மொத்தம் 527 குடும்பங்களிலேயே 150 ரூபாய் துல்லியம் கிடைத்துவிடுகிறது.

இங்கேதான் ஒரே மாதிரி இரண்டு மதிப்பீடுகளைச் சுமக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. இந்தப் பிரிப்பு செலவின் சராசரிக்காக வகுக்கப்பட்டது; காப்பீட்டுச் சதவீதத்துக்கு அது ஏற்றதன்று. மக்கள்தொகையில் 10% மட்டுமே உள்ள அடுக்கிலிருந்து மாதிரியின் 43% வருவதால், காப்பீடு பற்றிய தகவலில் பெரும்பகுதியைத் தர வேண்டிய 90% குடும்பங்களுக்கு 302 இடங்களே மிஞ்சுகின்றன. கணக்கிட்டுப் பார்த்தால், மொத்தம் 527 பேர் இருந்தும் சதவீதத்தின் பிழை எல்லை 5.1 புள்ளி. 385க்கு மேல் இருக்கிறோமே என்ற நிம்மதி இங்கே செல்லாது. அந்த 385 எளிய வாய்ப்பு மாதிரிக்கு உரியது.

ஆகவே உங்கள் 600ஐயும் பயன்படுத்தி, உள்நோயாளி இருந்த குடும்பங்கள் 200, மற்றவை 400 என்று பிரியுங்கள். சராசரியின் பிழை எல்லை 143 ரூபாய், சதவீதத்தின் பிழை எல்லை 4.5 புள்ளி, இரண்டும் நிறைவேறுகின்றன. பகுப்பாய்வின்போது இரண்டு அடுக்குகளின் முடிவுகளையும் 10%, 90% என்ற எடைகளோடுதான் சேர்க்க வேண்டும். எடையிடாமல் 600ஐயும் ஒன்றாகப் போட்டுச் சராசரி கண்டால் விடை 2,667 ரூபாய்க்கு அருகே வந்து நிற்கும். அப்படி ஓர் எண்ணைக் கண்டால் எடை விடுபட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

கேள்வி: பள்ளிகளைத் தேர்ந்து, பள்ளிக்கு 20 மாணவியர் வீதம் ஹீமோகுளோபின் அளக்கப்போகிறோம். 217, 385 ஆகியவற்றில் பெரியதைத் தேர்ந்து, அதை வடிவமைப்பு விளைவால் பெருக்கினால் சரிதானே? முன்னோட்ட ஆய்வில் பள்ளிக்குள்ளான ஒப்புமைக் கெழு சராசரி அளவுக்கு 0.10, இரத்தசோகைக்கு 0.02 என்று வந்தது.

பதில்: வரிசையை மாற்றுங்கள்: முதலில் பெருக்கிவிட்டு, பிறகு பெரியதைத் தேர்ந்தெடுங்கள். வடிவமைப்பு விளைவு 1 + (m − 1)ρ. இதில் m பள்ளிக்கு எத்தனை பேர் என்பது, ρ அந்த ஒப்புமைக் கெழு. இந்தக் கெழு மாறிக்கு மாறி வேறுபடும். அளவாகப் பதிவு செய்யும்போது தெரியும் பள்ளிகளுக்கிடையேயான வேறுபாடு, 'உண்டு, இல்லை' என்று வெட்டிய பிறகு சற்று மங்கிவிடுவது வழக்கம்.

உங்கள் எண்களில், பள்ளிக்கு 20 பேர் எனில் சராசரிக்கு 217 × 2.90, அதாவது 630 பேர் தேவை. சதவீதத்துக்கு 385 × 1.38, அதாவது 532 பேர் தேவை. எளிய மாதிரியில் பின்தங்கியிருந்த சராசரி இப்போது முந்திவிட்டது. நீங்கள் சொன்ன வரிசையில் கணக்கிட்டிருந்தால் 532 பேரோடு நின்றிருப்பீர்கள். பள்ளிக்கு 10 பேர் என்று குறைத்தால் சராசரிக்கு 413, சதவீதத்துக்கு 455 என்று மறுபடி சதவீதம் முந்துகிறது. 630 மாணவியரை 32 பள்ளிகளில் தேடுவதா, 455 பேரை 46 பள்ளிகளில் தேடுவதா என்பதை உங்கள் பயணச் செலவு முடிவு செய்யட்டும். பத்தில் ஒருவர் இரத்தம் கொடுக்க மறுப்பார் என எதிர்பார்த்தால், கடைசியாக 0.9ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

0.10 என்பது சற்றே உயர்ந்த மதிப்பு. ஒவ்வொரு பள்ளிக்கும் வெவ்வேறு குழு வெவ்வேறு ஹீமோகுளோபின்மீட்டரோடு போயிருந்தால், கருவியின் பிசகே பள்ளிகளின் வேறுபாடாகத் தோன்றியிருக்கலாம். ஒரே கட்டுப்பாட்டுத் திரவத்தை எல்லாக் கருவிகளிலும் வைத்து அளந்து பார்த்துவிட்டு மாதிரி அளவை இறுதி செய்யுங்கள்.

கேள்வி: சராசரியின் இடைவெளியும் சதவீதத்தின் இடைவெளியும் ஒருசேரச் சரியாக இருக்கும் என்பதில் 95% நம்பிக்கை வேண்டும் என்று மதிப்பீட்டாளர் எழுதியிருக்கிறார். பெரியதை எடுத்தால் இது நிறைவேறுமா?

பதில்: நிறைவேறாது, 385 ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 95% தருகிறதே தவிர, இரண்டுக்கும் சேர்த்துத் தருவதில்லை. போன்ஃபெரோனி திருத்தப்படி ஒவ்வோர் இடைவெளிக்கும் 97.5% என்று வைத்து, z = 2.241 என்று கொள்ளுங்கள். சராசரிக்கு 283, சதவீதத்துக்கு 503. ஆகவே 503 பேர். ஒரே இரத்தத்துளியிலிருந்து வரும் இரண்டு மதிப்பீடுகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறைவாகவே போதும். ஆனால் அந்தத் தொடர்பின் அளவு முன்கூட்டித் தெரியாதபோது 503 பாதுகாப்பான எண். ஆய்வின் இரண்டு விடைகளும் தனித்தனி அட்டவணைகளில் தனித்தனியே படிக்கப்படுபவை என்றால், இந்தக் கூடுதல் 118 பேர் தேவையில்லை என்று மதிப்பீட்டாளருக்கு எழுதிப் பார்க்கலாம்.