சூப் பாக்கெட்டை விட்டு சுரைக்காய்க்கு மாறுங்கள்

கேள்வி: எடை குறைக்க தினமும் இரவில் பாக்கெட் சூப்பும் மயோனைஸ் கலந்த சாலடும் மட்டும் சாப்பிடுகிறேன். பத்து மணிக்கெல்லாம் பசி வந்துவிடுகிறது, எடையும் இறங்கவில்லை. வேறு நல்ல பிராண்டு இருக்கிறதா?

பதில்: பிராண்டை மாற்றினால் சரியாகாது. பாக்கெட்டின் பின்பக்கம் உள்ள பொருள் பட்டியலைப் பாருங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் சோள மாவு, சர்க்கரை, உப்புக்குப் பிறகுதான் உலர்ந்த காய் வரும், அதுவும் சில சதவீதமே. நீங்கள் குடிப்பது உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர். அதில் மெல்ல எதுவும் இல்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழு 1999-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. கோழியும் சோறும் காய்கறியும் சேர்ந்த உணவை அப்படியே கொடுத்தார்கள், பக்கத்தில் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள், அதே தண்ணீரை ஊற்றிச் சூப்பாக்கியும் கொடுத்தார்கள். சூப்பாகக் குடித்த பெண்கள்தான் அடுத்து வந்த சாப்பாட்டைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். தனியாகக் குடித்த தண்ணீருக்கு அந்தப் பலன் இல்லை. ஆக, தண்ணீர் உணவுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அந்தத் தண்ணீர் நம் சந்தையிலேயே கிடைக்கிறது: சுரைக்காய், பூசணி, பீர்க்கங்காய், புடலங்காய், வெள்ளரி. 100 கிராம் சுரைக்காயில் சுமார் 15 கலோரிதான், அதே எடைச் சோற்றில் 130. உருளையையும் வாழைக்காயையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு வேளைக்குக் கணக்குப் போடுவோம். 300 கிராம் சோறு 390 கலோரி. அதைப் பாதியாக்கி, கூடவே 200 கிராம் சுரைக்காயை ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தாளித்துச் சாப்பிட்டால் 195, 30, 40 என்று 265 கலோரி. தட்டில் 50 கிராம் கூடியிருக்கிறது, 125 கலோரி குறைந்திருக்கிறது.

இதைக் கெடுப்பது எண்ணெய்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. மயோனைஸும் கிட்டத்தட்ட எண்ணெய்தான்: அதே கரண்டிக்கு 90-ஐத் தாண்டும். இரண்டு கரண்டி விட்டால் சாலடில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். எலுமிச்சை, மிளகு, கெட்டித்தயிர் போதும்.

பத்து மணிப் பசிக்கு இன்னொரு காரணம், உங்கள் இரவுச் சாப்பாட்டில் புரதம் இல்லை. காய் சூப்பில் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பை வேகவைத்துச் சேருங்கள், அல்லது ஒரு முட்டை. மிக்ஸியில் முழுக்க அரைக்காமல் துண்டு துண்டாக விடுங்கள். மென்று சாப்பிடுவதால் வேகம் குறையும்.

சுரைக்காய் வாங்கியதும் ஒரு சிறு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை அப்படியே எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது.

காயை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பும். இரண்டு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன்பும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் காயைக் கூட்டும் முன்பும் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.