ஆஸ்பத்திரியில் இருந்தபோது தவறிய தவணைக்குத் தண்ட வட்டி: தள்ளுபடி கேட்கும் கடிதம்

கேள்வி: ஆஸ்பத்திரியில் இருந்ததால் ஒரு மாதம் கடன் தவணை கட்ட முடியவில்லை. வங்கி தண்டம் போட்டுவிட்டது. தள்ளுபடி கேட்டுக் கடிதம் எழுதினால் கேட்பார்களா? எப்படி எழுதுவது?

கேட்பார்கள், ஆனால் கடிதத்தில் திகதிகள் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஹட்டனில் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு எடுத்த கடனுக்கு மாதம் 22,600 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதி கட்டவேண்டும். மழையில் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கால் முறிந்து, மார்ச் 3 முதல் 29 வரை கண்டியில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஏப்ரல் 8ஆம் திகதி தம்பியை அனுப்பி 22,600 ரூபாயைக் கட்டவைத்தேன். கணக்கு சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். மே மாதம் போனால், இன்னும் நிலுவை இருக்கிறது என்றார்கள். கவுண்டரில் இருந்த பிள்ளை பொறுமையாக விளக்கினார்: “மிஸ், நீங்க கட்டின காசுல முதல்ல தண்டம்தான் கழியும், மிச்சம்தான் தவணைக்குப் போகும்.” தண்ட வட்டி 630, நினைவூட்டல் கடிதக் கட்டணம் 500, ஆக 1,130 ரூபாய் முதலில் கழிந்துவிட்டது. அதே அளவு தவணையில் குறைந்து, அந்தக் குறைக்கு மறுபடி தண்டம் ஏறத் தொடங்கியிருந்தது.

அதனால் கடிதம் எழுதுமுன் கடன் கணக்குக் கூற்றை வாங்கிப் பாருங்கள். எந்தத் திகதியில் எந்தப் பெயரில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று அதில் இருக்கும். தவணைக்கு உரிய வழக்கமான வட்டியையும் சேர்த்துத் தள்ளுபடி கேட்காதீர்கள், அது கடனின் விலை, கிடைக்காது. தண்ட வட்டியையும் கட்டணங்களையும் தனித்தனியாகத் தொகை போட்டுக் கேளுங்கள். முடிந்தால் நிலுவையைக் கட்டிவிட்டுக் கேளுங்கள். கட்டாமல் கேட்டால், பணமே இல்லாதவர் கேட்கிறார் என்றுதான் முகாமையாளர் பார்ப்பார்.

அடுத்தது, பலரும் தடுக்கி விழும் இடம். என்னை விட்டது 29ஆம் திகதி, காசு கட்டியது 8ஆம் திகதி. நடுவில் பத்து நாள். “வீட்டுக்கு வந்த பிறகு ஏன் கட்டவில்லை?” என்பதுதான் வங்கியின் முதல் கேள்வி. டயக்னோசிஸ் கார்டில் சேர்ந்த, விட்ட திகதிகள் இருக்கும். ஓய்வு எத்தனை நாள் என்பது சிலவேளை இருக்காது. என்னுடையதில் இல்லை. கிளினிக்குக்குப் போன அன்று டாக்டரிடம் கேட்டு, மூன்று வாரம் நடக்கக்கூடாது என்று தனி மருத்துவச் சான்றிதழ் வாங்கினேன். அந்த ஒரு தாள் இல்லாமல் கடிதம் அரைகுறையாக இருந்திருக்கும்.

நான் எழுதிய கடிதம் ஏறக்குறைய இப்படி:

முகாமையாளர் அவர்களுக்கு,
கடன் இலக்கம் …… / தேசிய அடையாள அட்டை இலக்கம் ……
தண்ட வட்டியைத் தள்ளுபடி செய்யக் கோருதல்

மார்ச் 10ஆம் திகதிக்குரிய 22,600 ரூபாய்த் தவணையை அன்று செலுத்த முடியவில்லை. மார்ச் 3 முதல் 29 வரை கால் முறிவுக்காக மருத்துவமனையில் தங்கியிருந்தேன். அதன் பின் மூன்று வாரம் நடக்கக்கூடாது என வைத்தியர் கூறினார். ஏப்ரல் 8ஆம் திகதி தம்பி மூலம் தவணையைச் செலுத்தினேன். இதற்கு முன் எந்தத் தவணையும் பிந்தியதில்லை. இக்காலத்துக்கு விதிக்கப்பட்ட தண்ட வட்டி 630 ரூபாயையும் நினைவூட்டல் கட்டணம் 500 ரூபாயையும் தள்ளுபடி செய்து, அத்தொகையைக் குறைந்துள்ள தவணையில் சேர்க்குமாறும், அக்குறைக்கு ஏறிய தண்டத்தையும் நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். முடிவை எழுத்தில் அறியத் தரவும்.

இணைப்பு: டயக்னோசிஸ் கார்ட், மருத்துவச் சான்றிதழ், பணம் செலுத்திய பற்றுச்சீட்டு (பிரதிகள்).

“பிந்தியதில்லை” என்ற வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள், கணக்கைத் திறந்து பார்ப்பார்கள். நோயைப் பற்றி நீட்டி எழுதவேண்டாம், திகதிகள் போதும். தமிழில் எழுதலாம். முடிவு தலைமை அலுவலகத்துக்குப் போகும் என்றால், கூடவே ஓர் ஆங்கிலப் பிரதியும் கொடுத்தால் வேலை விரைவாக நடக்கும். இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் ‘கிடைத்தது’ என்று முத்திரையும் திகதியும் வாங்குங்கள். என் கையில் அது இல்லாதிருந்தால், இரண்டு வாரம் கழித்து “கடிதமா? வரவே இல்லையே” என்றபோது மறுபடி முதலில் இருந்து தொடங்கியிருப்பேன்.

வங்கி மறுத்தால், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம், நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம். ஆனால் முதலில் வங்கியிடம் எழுத்தில் முறையிட்டிருக்கவேண்டும். தண்டம் கடன் ஒப்பந்தத்தில் எழுதியபடியே சரியாகப் போடப்பட்டிருந்தால், தள்ளுபடி என்பது வங்கி விரும்பிச் செய்வதுதான். ஒப்பந்தத்தில் இல்லாத கட்டணமோ கணக்குப் பிழையோ இருந்தால் அங்கே உங்கள் பேச்சுக்கு வலு அதிகம். ஆகவே ஒப்பந்தத்தின் தண்ட வட்டிப் பகுதியையும் கூற்றையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எனக்குத் தண்ட வட்டி 630ஐயும் பின்னால் ஏறியதையும் தள்ளுபடி செய்தார்கள். நினைவூட்டல் கட்டணம் 500ஐ விடவில்லை, அதை அன்றே கட்டினேன். அடுத்த மாதக் கூற்றை வாங்கி, நிலுவை பூச்சியம் என்று பார்த்த பிறகுதான் கோப்பை மூடினேன்.