கடலில் காணாமல் போனவரின் மனைவி மறுமணம் செய்தால் செல்லுமா?

"எங்களுக்கு உச்சிப்புளி பக்கம். அக்கா வீட்டுக்காரர் 2016 நவம்பரில் நாட்டுப்படகில் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. 2019 பிப்ரவரியில் அக்காவுக்கு அம்மன் கோவிலில் மறுமணம் செய்து வைத்தோம். இரண்டு பிள்ளைகள். இப்போது அந்த இரண்டாவது மாமாவும் இறந்துவிட்டார். அவர் அண்ணன், 'ஏழு வருஷம் ஆகாமல் கட்டிய தாலி செல்லாது, பிள்ளைகளுக்கும் பங்கு கிடையாது' என்கிறார். அவர்கள் அப்பா விட்டுப்போன இடம் 12 சென்ட். அண்ணன் தம்பி இரண்டு பேர்தான், பெற்றவர்கள் உயிருடன் இல்லை."

பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. கல்யாணம் செல்லாது என்றே தீர்ப்பு வந்தாலும் உண்டு. இந்து திருமணச் சட்டம் 16-ஆம் பிரிவு, செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளையும் சட்டப்படியான பிள்ளைகள் என்கிறது. அவர்கள் உரிமை தாய் தகப்பன் சொத்தோடு நிற்கும், மற்ற உறவினர் சொத்தில் கேட்க முடியாது. பூர்வீகச் சொத்தாக இருந்தாலும் தகப்பன் பாகத்துக்கு வரும் அளவில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்று 2023 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். 12 சென்ட்டில் மாமா பாகம் 6. கல்யாணம் செல்லும் என்றால் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 2 சென்ட். செல்லாது என்றால் அக்கா வாரிசுப் பட்டியலிலிருந்து போய்விடுவார், பிள்ளைகளுக்கு ஆளுக்கு 3 சென்ட். இரண்டிலும் அண்ணனுக்கு அந்த 6-இல் ஒரு அடி கூட வராது. முதலில் இதை அவரிடம் உட்கார்ந்து சொல்லுங்கள், பாதித் தகராறு அங்கேயே அடங்கும்.

இனி அக்காவின் உரிமை. "ஏழு வருஷம்" என்பது மறுமணத்துக்குக் காத்திருக்க வேண்டிய காலம் அல்ல. திருமண நாளில் முதல் கணவர் உயிருடன் இருக்கக் கூடாது, சட்டம் கேட்பது அவ்வளவுதான். ஏழு வருஷம் சாட்சியச் சட்டத்தில் வருவது: அத்தனை காலம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் இறந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம். ஆனால் எந்த நாளில் இறந்தார் என்று அந்த அனுமானம் சொல்லாது. அதைச் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

பலர் தவறுவது இங்கேதான். அவசரமாக ஒரு வழக்குப் போட்டு, "ஏழு வருஷமாகத் தகவல் இல்லை, இறந்ததாக அறிவியுங்கள்" என்று மட்டும் கேட்பார்கள். வழக்குப் போட்ட நாளையே இறந்த நாளாக வைத்துத் தீர்ப்பு வந்துவிட்டால், 2019-இல் முதல் கணவர் உயிரோடு இருந்தார் என்று அக்காவே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். தன் தீர்ப்பே தன் தாலிக்கு எதிரி. ஆகவே உரிமையியல் நீதிமன்றத்தில், "2016 நவம்பர் இன்ன தேதியில் கடல் விபத்தில் இறந்தார்" என்று நீதிமன்றமே அறிவிக்கும்படி, அதாவது விளம்புகை, கேளுங்கள். அண்ணனையும் பிரதிவாதியாகச் சேருங்கள், சேர்க்காவிட்டால் தீர்ப்பு அவரைக் கட்டாது. தீர்ப்பை வைத்து இறப்பைப் பதிவு செய்துகொள்ளலாம். வருஷக்கணக்கில் தாமதம் என்பதால் அதற்கு வருவாய்த் துறை உத்தரவும் வேண்டும்.

சாட்சியத்தில் முதலிடம், கூடப் போய் உயிர் தப்பி வந்தவருக்கு. படகு கவிழ்ந்ததையோ அவர் அலையில் போனதையோ கண்ணால் பார்த்தவர் சொல்வதற்கு ஈடு வேறில்லை. அப்படி யாரும் இல்லையென்றால் கடலோரக் காவல் நிலையத்தில் அன்று கொடுத்த புகார், தேடுதல் பற்றிய பதிவு, அன்றைய புயல் எச்சரிக்கை, கரை ஒதுங்கிய படகு, எல்லாவற்றையும் கோத்துக் காட்ட வேண்டும். முதல் கணவரின் தாய் தகப்பன் கருமாதி செய்திருந்தால் அவர்கள் சாட்சி கனமானது.

ஒன்றைத் தேடிப் பாருங்கள். காணாமல் போன புதிதில், "இலங்கைச் சிறையில் இருக்கலாம், மீட்டுத் தாருங்கள்" என்று கலெக்டரிடம் மனுக் கொடுத்தீர்களா? நம் கரையில் கொடுக்காத வீடு குறைவு. எதிர் வக்கீல் அதைத்தான் முதலில் நீட்டுவார். மறைக்காதீர்கள். தேடினோம், அங்கே இல்லை என்று தெரிந்தது என்ற பதிலையும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள்.

பிள்ளைகளை உண்மையில் தொடக்கூடிய வாதம் வேறு: "கல்யாணமே நடக்கவில்லை, சும்மா சேர்ந்து வாழ்ந்தார்கள்" என்பது. 16-ஆம் பிரிவு திருமணம் என்று ஒன்று நடந்த இடத்துக்குத்தான். கோவில் ரசீது, பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, தகப்பன் பெயருள்ள பிறப்புச் சான்று, இவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பதிவு செய்யாதது மட்டும் திருமணத்தைச் செல்லாததாக்காது.

இதெல்லாம் இந்துக் குடும்பத்துக்கு. தங்கச்சிமடத்தில் மாதா கோவிலில் நடந்த திருமணம் என்றால் 16-ஆம் பிரிவு உதவாது, அங்கே பிள்ளைகளின் நிலை வேறு சட்டத்தில் வரும்.

வாரிசுச் சான்றுக்குத் தாசில்தாரிடம் இப்போதே மனுப் போடுங்கள். அண்ணன் ஆட்சேபித்தால் நீதிமன்றம் போகச் சொல்வார், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை 12 சென்ட்டை அவர் விற்காமலிருக்க, பிள்ளைகள் பெயரில் அக்கா காப்பாளராக நின்று பாகப்பிரிவினை வழக்கும் இடைக்காலத் தடையும் கேட்கலாம். விளம்புகை வழக்கு முடியட்டும் என்று அதற்குக் காத்திருக்க வேண்டாம்.