பேக்கப் டிரைவ் கையில் இருக்க, ரெகவரிக்குப் பணம் எதற்கு?

கேள்வி: என் பழைய மேக்கின் உள் டிஸ்க் போய்விட்டது. சர்வீஸ் கடையில் வேறு டிஸ்க் போட்டுத் தந்தார்கள். சில வாரம் ஓட்டிப் பார்த்தேன், நம்பிக்கை வரவில்லை. 512 ஜிபி உள்ள புது மேக் வாங்கிவிட்டேன். பழைய ஃபைல்கள் எல்லாம் டைம் மெஷின் பேக்கப் எடுத்த 2 டிபி டிரைவில் இருக்கின்றன. அதில் 1.4 டிபி நிரம்பியிருப்பதாகக் காட்டுகிறது. புது மேக்கில் அது எப்படி அடங்கும்? ஃபோல்டர்களை இழுத்துப் போட்டால் சிலவற்றுக்கு அனுமதி இல்லை என்கிறது. 'டேட்டா ரெகவரி' செய்து தருகிறேன் என்று கடைக்காரர் தனிக் கட்டணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். ரெகவரி என்பது கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து தரவைத் தோண்டி எடுக்கும் வேலை. உங்கள் பேக்கப் டிரைவ் நன்றாகவே இருக்கிறது. அதிலிருப்பதைப் புது மேக்குக்கு மாற்றுவதுதான் மிச்சம். அதற்கான மென்பொருள் உங்கள் மேக்கிலேயே இருக்கிறது.

இடக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். டைம் மெஷின் ஒரே ஒரு நகலை வைத்திருப்பதில்லை. கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்று, கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முந்தைய காலத்துக்கு வாரத்துக்கு ஒன்று என்று டிரைவ் நிரம்பும்வரை சேர்த்துக்கொண்டே போகும். மாறாத ஃபைலை மறுபடி எழுதாது. மாறியவையும் நீங்கள் எப்போதோ அழித்தவையும் சேர்ந்துதான் அந்த 1.4 டிபி. புது மேக்குக்கு வரப்போவது ஏதாவது ஒரு நாளின் நிலை மட்டும். பழைய டிஸ்க்கில் 380 ஜிபி அளவுக்கு ஃபைல்கள் இருந்திருந்தால், வருவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். 512 ஜிபியில் தாராளமாக அடங்கும்.

அடுத்தது அந்த அனுமதிச் சிக்கல். மேக்கில் ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிமையாளர் உண்டு. ஆனால் உரிமையாளர் குறிக்கப்படுவது பெயரால் அல்ல, எண்ணால். ஒரு மேக்கில் முதலில் உருவாக்கும் கணக்குக்கு 501, அடுத்ததற்கு 502 என்று எண் போகும். பழைய மேக்கில் வீட்டில் வேறு யாராவது முதலில் கணக்கு வைத்திருந்து நீங்கள் இரண்டாவதாக வந்திருந்தால், உங்கள் ஃபைல்கள் 502 பேரில் இருக்கும். புது மேக்கில் நீங்கள்தான் முதல் ஆள், அதாவது 501. பெயரும் கடவுச்சொல்லும் அதேதான் என்றாலும், மேக்கின் கண்ணுக்கு நீங்கள் வேறு ஆள். உங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ள டெர்மினலில் இதை அடியுங்கள்:

```
id -u
```

எண் பொருந்தினால்கூட, பேக்கப்பில் இருப்பதை யாரும் மாற்றிவிடாதபடி டைம் மெஷின் தனியாகத் தடை போட்டு வைக்கிறது. ஃபைண்டரில் இழுத்துப் போடும்போது சில நேரம் அந்தத் தடையும் ஃபைலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒவ்வொரு ஃபோல்டராக அனுமதியை மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள். இழுத்துப் போட்டவற்றை அழித்துவிட்டு, மேலே சொன்ன மென்பொருளான Migration Assistant வழியாக வாருங்கள். உரிமையைப் புதுக் கணக்குக்கு ஏற்ப மாற்றித் தருவதும் அதன் வேலைதான்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. டிரைவைச் செருகியதும் 'இதை பேக்கப்புக்குப் பயன்படுத்தவா?' என்று புது மேக் கேட்டால், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அழிக்கவா என்று எங்காவது கேட்டால் கட்டாயம் வேண்டாம். மேக்கின் இயங்குதளத்தையும் அப்டேட் செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பு ஏற்காது.

அப்புறம், சார்ஜரை மாட்டிவிட்டு, Applications ஃபோல்டருக்குள் Utilities-இல் உள்ள Migration Assistant-ஐத் திறங்கள். திறந்திருக்கும் எல்லாவற்றையும் அது மூடிவிடும். எங்கிருந்து மாற்றுவது என்று கேட்கும்போது மேக், டைம் மெஷின் பேக்கப் அல்லது ஸ்டார்ட்அப் டிஸ்க் என்ற முதல் தேர்வை எடுத்து, உங்கள் டிரைவைச் சொடுக்குங்கள்.

உங்களைப் போல டிஸ்க் மாற்றியவர்கள் ஏமாறுவது இதற்கு அடுத்த படியில்தான். மாற்றிய டிஸ்க்கோடு ஓட்டிய அந்தச் சில வாரங்களில் பேக்கப் டிரைவை ஒரு தடவையாவது செருகினீர்களா? செருகியிருந்தால், ஏறக்குறைய காலியாக இருந்த அந்தப் புது டிஸ்க்கையும் டைம் மெஷின் பேக்கப் எடுத்திருக்கக்கூடும். இப்போது டிரைவில் கடைசித் தேதியில் இருப்பது அந்த வெற்றுப் பேக்கப். அதையே எடுத்துக்கொண்டால், எல்லாம் சரியாக நடந்ததுபோல் முடிந்து, திறந்து பார்த்தால் ஃபோல்டர்கள் காலியாக இருக்கும். 'பேக்கப்பே போச்சு' என்று கடைக்கு ஓடுகிறவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான். ஆகவே தேதிவாரியாகப் பட்டியல் வந்தால், பழைய டிஸ்க் பழுதாவதற்கு முந்தைய தேதியைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த திரையில் உங்கள் கணக்குக்கு நேராக அளவு காட்டும். சுமார் 380 ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் 15 ஜிபி என்று இருந்தால் தப்பான பேக்கப்பில் நிற்கிறீர்கள். தொடராமல் பின்னால் போங்கள்.

அடுத்து, புது மேக்கிலும் அதே கணக்குப் பெயர் வைத்திருந்தால், பழைய கணக்குக்கு வேறு பெயர் வைப்பதா, புது மேக்கில் உள்ளதை நீக்கிவிட்டு அதன் இடத்தில் பழையதை வைப்பதா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், புது மேக்கில் இதுவரை நீங்கள் சேமித்தவை எல்லாம் அந்தக் கணக்கோடு போய்விடும். ஒன்றும் சேமிக்கவில்லை என்றால் அதுவே சுத்தமான வழி. ஏதாவது இருந்தால் அதை முதலில் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள். வேறு பெயர் வைத்தால் எதுவும் அழியாது. ஆனால் இரண்டு கணக்கு, இரண்டு வீட்டு ஃபோல்டர் என்று பிரிந்து கிடக்கும். எது எதில் இருக்கிறது என்று தேடுவது பெரிய தொல்லை.

மாற்றம் முடியப் பல மணி நேரம் ஆகலாம். திரையில் காட்டும் மிச்ச நேரத்தை நம்பி டிரைவைப் பிடுங்காதீர்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போவது மேல்.

நாலைந்து ஃபைல் போதும் என்றால் இவ்வளவும் தேவையில்லை. மேல் பட்டையில் உள்ள டைம் மெஷின் சின்னத்தை Option விசையை அழுத்தியபடி சொடுக்கினால் Browse Other Backup Disks என்று வரும். அதில் டிரைவைத் தேர்ந்தெடுத்து, தேதிக்குப் போய், வேண்டிய ஃபைலுக்கு Restore கொடுங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் என்னால் நம்பிக்கை தர முடியாது. பேக்கப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தால், பழைய மேக் அதை நினைவில் வைத்து உங்களைக் கேட்காமலே திறந்துகொண்டிருந்திருக்கும். அந்த நினைவு பழைய டிஸ்க்கோடு போய்விட்டது. கடவுச்சொல் உங்களுக்கும் மறந்துவிட்டால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. இன்னொன்று, ஐகிளவுடில் Optimise Mac Storage போட்டு வைத்திருந்தால் மேக்குக்கு முழுதாக இறங்காத படங்களும் ஆவணங்களும் பேக்கப்பில் இருக்காது. அவற்றை டிரைவில் தேடாதீர்கள். அதே ஆப்பிள் கணக்கில் நுழைந்து ஐகிளவுடில் பாருங்கள்.

எல்லாம் வந்த பிறகும் இந்த டிரைவைச் சில மாதம் தொடாமல் எடுத்து வையுங்கள். ரெகவரிக்குக் கொடுக்க இருந்த காசில் புது மேக்குக்கென்று இன்னொரு டிரைவ் வாங்கலாம். மேக்கின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு, அதாவது 1 டிபி இருந்தால் போதும். கழற்றிய பழைய டிஸ்க் கடையிலேயே இருந்தால் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். பழுதானதுதான் என்றாலும் அதில் இருப்பது உங்கள் ஃபைல்கள்.