ஏழு டம்ளர் தண்ணீர் இரண்டரை டம்ளரான கதை

கேள்வி: அக்கா, மகன் ஸ்லோ குக்கர் வாங்கி அனுப்பியிருக்கிறான், மூன்றரை லிட்டர். காலையில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனால் சாயங்காலம் வந்து சாப்பிடலாம் என்றான். ஒரு கிலோ மட்டன், ஏழு டம்ளர் தண்ணீர், அரைத்த தேங்காய் என்று அடுப்பில் வைக்கிற அதே குழம்பை அப்படியே போட்டு, லோவில் எட்டு மணி நேரம் வைத்தேன். திறந்தால் தண்ணியாக ஓடுகிறது. மிளகாய்த்தூள் பச்சை வாசனை அடிக்கிறது, கிராம்பு தூக்கலாக இருக்கிறது, தேங்காய் திரிந்துவிட்டது, உருளைக்கிழங்கு நறுக்கென்று கடிபடுகிறது. தப்பு என் மேலா, குக்கர் மேலா?
— ஒரு ஆசிரியை, கோத்தகிரி

பதில்: இரண்டு பேர் மேலும் இல்லை. அடுப்புக்கு எழுதிய கணக்கு ஸ்லோ குக்கருக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். நானும் குன்னூரில் முதல் தடவை இதே குழம்பைத்தான் சூப்பு என்று சொல்லிப் பரிமாறினேன்.

தண்ணீரிலிருந்தே ஆரம்பிக்கிறேன், பாதிப் பிரச்சினை அங்கேதான். அடுப்பில் ஒன்றரை மணி நேரம் குழம்பு கொதிக்கும்போது ஊற்றிய தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடுகிறது. அது போகும் என்று தெரிந்துதான் நம் அம்மாக்கள் ஏழு டம்ளர் ஊற்றினார்கள். ஸ்லோ குக்கரில் ஆவி மூடியில் முட்டி, முத்து முத்தாகக் கோத்து, திரும்பவும் பாத்திரத்துக்குள்ளேயே சொட்டுகிறது. ஊற்றியது அப்படியே இருக்க, கறியும் வெங்காயமும் தக்காளியும் தங்கள் பங்குக்கு வேறு நீர் விடுகின்றன.

"பாதி ஊற்றுங்கள்" என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பாதிக் கணக்கில் நம்பிக்கை இல்லை, ஏனென்றால் உங்கள் வீட்டுக் குழம்பு எவ்வளவு கெட்டி என்று சொல்பவருக்குத் தெரியாது. அடுத்த முறை அடுப்பில் செய்யும்போது, குழம்பு இறக்கியதும் கரண்டியால் குழம்பை மட்டும் மொண்டு டம்ளரில் அளந்து பாருங்கள். ஒரு கிலோ கறிக்கு ஐந்து டம்ளர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம் (என் டம்ளர் 200 மில்லி). ஸ்லோ குக்கரிலும் கடைசியில் உங்களுக்கு வேண்டியது அந்த ஐந்துதான். அதில் கறியும் தக்காளியும் வெங்காயமும் சுமார் ஒன்றரை டம்ளர் விடும். அரைத்த தேங்காயும் மிக்ஸி கழுவிய தண்ணீரும் சேர்ந்து ஒரு டம்ளர். மீதி இரண்டரை. காலையில் ஊற்ற வேண்டியது அந்த இரண்டரை டம்ளர் மட்டும்.

பார்க்கப் பயமாகத்தான் இருக்கும், கறித்துண்டுகள் தலை நீட்டிக்கொண்டு இருக்கும். இருக்கட்டும். இரண்டு மணி நேரத்தில் நீர் விட்டு மட்டம் ஏறிவிடும். குறைந்தால் சாயங்காலம் கொதிக்கும் தண்ணீர் அரை டம்ளர் விடலாம். கூடிப்போனால்தான் தொல்லை. மூடியைத் திறந்து வைத்தாலும் அது சட்டென்று வற்றாது. குழம்பை மட்டும் அகலமான வாணலியில் ஊற்றி, அடுப்பில் பத்து நிமிடம் சுண்ட வைப்பதுதான் வழி. அதையும் தேங்காய் சேர்ப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

அடுத்தது பச்சை வாசனை. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கோத்தகிரி, குன்னூர் உயரத்தில் கிட்டத்தட்ட 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஸ்லோ குக்கருக்குள் இருக்கும் குழம்பு அதற்கு மேல் சூடாகாது, லோவில் அந்த அளவுக்கு வருவதற்கே பல மணி நேரம் ஆகும். மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் வாசம் மாற எண்ணெயின் சூடு வேண்டும், வெறும் தண்ணீர்ச் சூட்டில் மாறாது. எட்டு மணி நேரமென்ன, பன்னிரண்டு மணி நேரம் வைத்தாலும் பச்சையாகப் போட்ட தூள் பச்சையாகத்தான் மணக்கும். வெங்காயமும் அப்படித்தான், வேகும், சிவக்காது.

அதனால் தாளித்து வதக்கும் வேலையை அடுப்பில் முடித்துவிட வேண்டும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தை ஓரம் பழுப்பாகும் வரை வதக்குங்கள், பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். இஞ்சி பூண்டு விழுது போட்டு வாசம் போனதும் தீயைக் குறைத்துத் தூள்களைப் போடுங்கள். கருகாமல் இருக்க ஒரு கை தண்ணீர் தெளித்துக் கிளறினால் ஒரு நிமிடத்தில் நிறம் இருண்டு எண்ணெய் ஓரத்தில் பிரியும். அப்புறம் தக்காளி, அது மசிந்து சுருளும் வரை. கடைசியில் கறியைப் போட்டு, அது விடும் முதல் நீர் வற்றும் வரை பிரட்டுங்கள். மொத்தம் அரை மணி நேர வேலை.

காலையில் அந்த அரை மணி கிடைக்காது என்றால் மசாலாவை மட்டும் முந்தின இரவே வதக்கி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். கறியைப் பச்சையாகத் தனி டப்பாவில் வையுங்கள். கறியையும் அரைகுறையாக வதக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பாதி வெந்த இறைச்சியில் கிருமி பெருக ஒரு ராத்திரி தாராளமாகப் போதும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்டிக் கறியையும் நேராகப் போடக் கூடாது. உள்ளே சூடு ஏறுவதற்குள் பாதிப் பகல் போய்விடும்.

கிராம்பு விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. வழக்கம்போல எட்டுக் கிராம்பு போட்டேன். முதல் வாய் வைத்த என் வீட்டுக்காரர், "பல்வலி மருந்து எங்கே கொட்டினாய்?" என்றார். முழு மசாலா நேரம் போகப் போக எண்ணெயை விட்டுக்கொண்டே இருக்கும். அடுப்பில் அதில் பாதி ஆவியோடு கூடத்துக்கு வந்துவிடுகிறது, நமக்குக் குழம்பு மணப்பதே அதனால்தான். மூடிய பாத்திரத்தில் அது போக இடமில்லை. ஒரு கிலோவுக்கு மூன்று கிராம்பு, ஒரு விரற்கடைப் பட்டை, ஒரு ஏலக்காய் போதும். கல்பாசி போடுகிற வீடென்றால் ஒரு சிட்டிகை.

வேடிக்கை என்னவென்றால், பொடித்த மசாலா இதற்கு நேர்மாறு. மிளகு, சோம்பு, கறிவேப்பிலை, மல்லித்தழை எல்லாம் பத்து மணி நேரம் வெந்தால் மணமே இல்லாமல் சப்பென்று ஆகிவிடும். அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இறக்கும்போது அரை ஸ்பூன் மிளகும் அரை ஸ்பூன் சோம்பும் உரலில் இடித்துத் தூவி, கறிவேப்பிலையும் இரண்டு சின்ன வெங்காயமும் எண்ணெயில் தாளித்துக் கொட்டினால், காலையில் வைத்த குழம்பு இப்போதுதான் இறக்கியது மாதிரி மணக்கும். காரம் மட்டும் குறையாது. மிளகாய்த்தூளை வழக்கத்தில் முக்கால் பங்கு போட்டு ருசி பாருங்கள். உப்பும் காலையில் முக்கால் பங்குதான். குழம்பு எவ்வளவு நிற்கிறது என்று சாயங்காலம் தெரிந்த பிறகு மீதியைச் சேருங்கள்.

தேங்காய் விழுது நாள் முழுக்க வெந்தால் திரியத்தான் செய்யும். எண்ணெய் மேலே தனியாக மிதக்கும், விழுது மணல் மாதிரி நாக்கில் தட்டும். கடைசி அரை மணி நேரத்தில் அதைச் சேர்த்தால் போதும்.

உருளைக்கிழங்கு கறிக்கு முன்னால் வெந்துவிடும் என்று நினைப்போம். இதில் கறிதான் முந்திக்கொள்கிறது. கிழங்கு இளக நல்ல சூடு வேண்டும், அதோடு தக்காளிப் புளிப்பு கிழங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர்க் கிழங்கைக் கட்டைவிரல் நுனி அளவுக்கு நறுக்கி, அடியிலும் சுவர் ஓரத்திலும் பரப்பி, அதன் மேல் கறியைப் போடுங்கள். பெரும்பாலான குக்கர்களில் சூடு கம்பி சுவரைச் சுற்றித்தான் ஓடுகிறது. புளி ஊற்றும் வழக்கம் இருந்தால் அதையும் தேங்காயோடு சேர்த்துவிடுங்கள்.

இனி நேரம். சமவெளியில் இருப்பவர்கள் எழுதும் எட்டு மணி நேரம் நமக்குப் போதாது. மலைக்கு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை மணி கூட்டச் சொல்கிறார்கள். நான் அவ்வளவு கூட்டுவதில்லை, முதல் ஒரு மணி நேரத்தை ஹையில் வைத்துச் சரிக்கட்டிவிடுகிறேன். உங்களுக்கு இப்படிப் பொருந்தும்: ஆறரைக்கு வதக்க ஆரம்பியுங்கள். பீங்கான் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி வெதுவெதுப்பாக்கி வையுங்கள், சில்லென்ற பாத்திரத்தில் கொதிக்கிற மசாலாவைக் கொட்டினால் விரிசல் விடும். இரண்டரை டம்ளர் தண்ணீரையும் மசாலாவோடு கொதிக்கவிட்டே ஊற்றுங்கள். ஏழு மணிக்கு ஹை, வீட்டை விட்டுக் கிளம்பும் எட்டு மணிக்கு லோ. ஐந்தரைக்கு வந்து ஒரு கறித்துண்டைக் கரண்டி முனையால் அழுத்துங்கள். எலும்பை விட்டு நழுவினால் தேங்காயை ஊற்றி மறுபடி ஹை. ஆறு மணிக்குத் தாளிப்பு. லீவு நாளில் வீட்டில் இருந்தால் நடுவில் திறந்து பார்க்கக் கை அரிக்கும். ஒரு தடவை திறந்தால் போன சூடு திரும்ப இருபது நிமிடமாவது ஆகும்.

ஆடி மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போவது நமக்குப் புதிதில்லை. திருகு வைத்த குக்கர் கரண்ட் வந்ததும் தானாக ஓடும், நின்றதே உங்களுக்குத் தெரியாது. பட்டன் குக்கர் பெரும்பாலும் அப்படியே அணைந்து கிடக்கும். நான் பக்கத்து பிளக்கில் ஒரு பழைய எலக்ட்ரிக் கடிகாரத்தைச் செருகி வைத்திருக்கிறேன். அதில் பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்திருந்தால் அது மினுக்கிக்கொண்டே 12:00-இலிருந்து புதிதாக ஓட ஆரம்பிக்கும். 12:00-ஐத் தாண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்தால், எவ்வளவு நேரத்துக்கு முன் கரண்ட் வந்தது என்பதை அதிலேயே படித்துக்கொள்ளலாம். எப்போது போனது என்பதை அக்கம்பக்கத்தில்தான் விசாரிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தாலோ, எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாவிட்டாலோ, மனசு வலித்தாலும் கொட்டிவிடுங்கள். அந்த மழை வாரங்களில் நான் குக்கரை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் எடுக்கிறேன்.

ஒன்றே ஒன்று, கறிக்குப் பதில் சிவப்பு ராஜ்மா போடும் எண்ணம் இருந்தால் அதைப் பச்சையாக இதில் போடவே வேண்டாம். அதில் உள்ள நஞ்சு இந்த மெல்லிய சூட்டில் அழியாது, வாந்தி வயிற்றுப்போக்கில் கொண்டு போய் விடும். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிரஷர் குக்கரில் நன்றாக வேகவைத்த பிறகு இதில் போடுங்கள். அதற்கு மசாலா பிடிக்க நான்கு மணி நேரம் போதும், தண்ணீரும் ஒன்றரை டம்ளருக்கு மேல் வேண்டாம். ராஜ்மா, கறியைப் போல நீர் விடாது என்றாலும், ஏற்கெனவே வெந்து ஊறியிருப்பதால் உறிஞ்சவும் செய்யாது.