மொட்டைத் தலையும் கோட்டுப் படமும்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஐந்து வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பெங்களூரில் ஒரு பையிங் ஆபீஸ் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். லிங்க்ட்இன்னில் வைக்க ஒரு நல்ல படம் வேண்டும். போன வாரம்தான் பழனியில் மொட்டை போட்டேன். முகம் நன்றாக விழுந்த பழைய படம் ஒன்றுதான் இருக்கிறது, அது ஏற்காட்டில் ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டோடு எடுத்தது. ஸ்டுடியோவில் கொடுத்து அதற்குக் கோட் மாட்டச் சொன்னேன். பார்க்கிறவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். இரண்டு படங்களையும் இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு? நானே சரிசெய்ய முடியுமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் ஒரு சின்ன வருத்தம். மெர்ச்சண்டைசரான உங்கள் கண்ணுக்கு இது எப்படித் தப்பியது? ஸ்டுடியோ படத்தில் கோட்டின் மேல் பாக்கெட் உங்கள் வலது மார்பில் இருக்கிறது. ஆண்கள் கோட்டில் அது இடது மார்பில்தான் இருக்கும், இடது பக்கம்தான் வலதின் மேல் ஏறி பட்டன் போடும். ஏற்காட்டுப் படத்தில் வெயில் ஒரு பக்கமாக விழுகிறது. அவர்களிடம் இருந்த கோட்டுப் படத்தில் வெளிச்சம் எதிர்ப் பக்கம். பொருந்தட்டும் என்று கண்ணாடியில் பார்ப்பதுபோல் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். வேறு துறையில் இது யார் கண்ணிலும் படாமல் போகலாம். நீங்கள் போகும் ஆபீஸில் முதலில் படுவதே அதுதான்.

சிரிப்புக்குக் காரணம் பாக்கெட் மட்டும் இல்லை. பொதுவாக ஸ்டுடியோக்களில் தலையில்லாத கோட்டுகள் தயாராக இருக்கும், வருகிறவர் தலையை அதில் ஒட்டிவிடுவார்கள். தலைக்கும் தோளுக்கும் என்ன அளவு என்று சொல்ல அந்தக் கோட்டில் ஒன்றும் கிடையாது, ஒட்டுகிறவரின் கண்ணளவுதான். உங்களுக்குத் தோள் சிறுத்து, தலை பெருத்துவிட்டது. கழுத்தையும் பாருங்கள், பாதியில் நிறம் மாறுகிறது. கோட்டோடு வந்த கழுத்தில் உங்கள் கழுத்தை ஒட்டியிருக்கிறார்கள். தோலோடு தோலை ஒட்டினால் எவ்வளவு தேய்த்தாலும் தெரிந்துவிடும். ஒட்டு விழ வேண்டிய இடம் சட்டைக் காலரின் ஓரம்.

ஆகவே அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். ஒரு கோட்டை இரவல் வாங்கி நீங்களே போட்டுக்கொண்டு, மொட்டைத் தலையோடு ஒரு படம் எடுங்கள். உடம்பு இந்தப் படத்திலிருந்து, முகம் ஏற்காட்டுப் படத்திலிருந்து. முடி மட்டும் இருந்திருந்தால் இந்த ஒட்டு வேலையே வேண்டாம், கோட்டோடு எடுத்த படமே போதும் என்றிருப்பேன்.

கோட் வாங்கும்போது தோள் தையல் உங்கள் தோள் முனையில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். உடம்பு தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் துணி கிளிப் போட்டு இழுத்துக்கொள்ளலாம், படத்தில் தெரியாது. சட்டை வெள்ளையைவிட வெளிர் நீலம் நல்லது, வெள்ளை வெயிலில் வெளுத்து மடிப்பே தெரியாமல் போகும். மேல் பட்டனைப் போட்டு டை கட்டிக்கொள்ளுங்கள். காலர் திறந்திருந்தால் அந்த இடைவெளியில் பழைய டி-ஷர்ட் எட்டிப் பார்க்கும்.

ஏற்காட்டுப் படத்தில் மூக்கின் நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் விழுகிறது என்று பாருங்கள். வெயில் சாய்ந்த பிறகு வெறும் சுவருக்கு முன்னால் நின்று, அதே நிழல் விழும்வரை மெதுவாகத் திரும்புங்கள். பழைய படத்தில் மோவாய் கொஞ்சம் தூக்கியிருக்கிறது, இதிலும் அப்படியே தூக்குங்கள். படம் எடுப்பவர் ஐந்தாறு அடி தள்ளி நின்று, உங்கள் கண் உயரத்தில் போனைப் பிடித்து, பின்பக்க கேமராவில் எடுக்கட்டும். செல்ஃபி வேண்டாம். சில போன்கள் அதையும் திருப்பிச் சேமிக்கும், மறுபடி பாக்கெட் பிரச்சினை.

இனி ஒட்டு வேலை. photopea.com என்ற தளம் பிரவுசரிலேயே இலவசமாக ஓடும். ஏற்காட்டுப் படத்தைத் திறந்து, `File > Open & Place` வழியாகக் கோட்டுப் படத்தை அதன் மேல் வையுங்கள். மேல் லேயரின் `Opacity`-ஐ 50% ஆக்கினால் இரண்டு முகமும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரியும். `Edit > Free Transform` எடுத்து, நீள அகல விகிதம் மாறாமல் கோட்டுப் படத்தைச் சுருக்கியோ பெருக்கியோ, கண்மணி கண்மணியின் மேலும் மோவாய் மோவாயின் மேலும் உட்காரும்வரை நகர்த்துங்கள். இரண்டும் உங்கள் முகம்தானே, அது பொருந்தினால் தோளும் தானாகச் சரியான அளவுக்கு வந்துவிடும். மொட்டைத் தலைப் படத்தின் பயனே இந்த அளவுகோல்தான். கண் பொருந்தி மோவாய் பொருந்தவில்லை என்றால் தலைச் சாய்வு மாறியிருக்கிறது. மல்லுக்கட்டாமல் இன்னொரு படம் எடுங்கள்.

`Opacity`-ஐ மறுபடி 100% ஆக்கி, அந்த லேயருக்கு ஒரு மாஸ்க் போடுங்கள் (`Layer > Raster Mask > Add`). மாஸ்க்கில் கருப்பு பிரஷால் தடவத் தடவ மேல் படம் மறைந்து அடிப்படம் தெரியும். மொட்டைத் தலை, சுவர், காலருக்கு மேலே தெரியும் கழுத்து, மூன்றையும் மறையுங்கள். காலர் ஓரத்துக்கு வரும்போது படத்தை நன்றாகப் பெரிதாக்கி, சின்ன பிரஷால் துணியின் விளிம்பை ஒட்டியே போங்கள். அரைமணி நேரம் ஆகும், ஆகட்டும். அப்புறம் காலர் மேலிருந்து உங்கள் பழைய கழுத்து முழுசாக எழும்பி நிற்கும், தோலில் ஒட்டே இருக்காது.

இந்த நிலையில் எல்லாம் சரியாக இருந்தும் தலை மிதப்பதுபோல் தோன்றும். புதுப் படத்தில் காலர் மேல் விழுந்த மோவாய் நிழல், இப்போது இருக்கும் மோவாயோடு சரியாகப் பொருந்தாததுதான் காரணம். கோட்டுக்கு மேல் ஒரு புது லேயர் வைத்து `Layer > Clipping Mask` கொடுத்து, அதன் பிளெண்ட் மோடை `Multiply` ஆக்குங்கள். மென்மையான பெரிய பிரஷில் அடர் பழுப்பு எடுத்து (கருப்பு வேண்டாம், கரி பூசியதுபோல் இருக்கும்), பிரஷின் `Opacity`-ஐ 20% வைத்து, காலரின் மேல் விளிம்பில் வெயில் படாத பக்கம் இரண்டு மூன்று தடவை தடவுங்கள். தலை உடம்பில் உட்கார்வது அந்த நொடியில் தெரியும்.

நிறத்துக்குக் காலரையும் உங்கள் விழி வெள்ளையையும் சேர்த்துப் பாருங்கள். விழி மஞ்சள் வெயிலில் இருக்க, காலர் மட்டும் சட்டையின் சொந்த வெளிர் நீலத்தையும் மிஞ்சி டியூப்லைட் வெளிச்சம்போல் நீலம் காட்டினால், கோட்டு லேயரில் மட்டும் `Curves` எடுத்து நீலத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். முகத்தைத் தொடாதீர்கள், பரு உட்பட.

பின்னணி மலை இருக்கட்டும். லிங்க்ட்இன் படத்தை வட்டமாக வெட்டித்தான் காட்டும். 400 பிக்சல் சதுரம் போதும். முகம் நிறைந்தாற்போல் வெட்டினால் கோட்டில் காலரும் லேப்பலின் மேல் பாதியும்தான் மிஞ்சும். பாக்கெட்கூட வெளியே போய்விடும்.

இந்தப் படத்தை பாஸ்போர்ட், விசா, தேர்வு விண்ணப்பம் எதற்கும் கொடுக்காதீர்கள். அங்கெல்லாம் மாற்றம் செய்யாத, அண்மையில் எடுத்த படம்தான் செல்லும். வீடியோ நேர்காணல் வந்தால் மொட்டையோடுதான் உட்காரப் போகிறீர்கள். "பழனி போய் வந்தேன்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், எதிரில் இருப்பவருக்கு ஆள் மாறாட்டச் சந்தேகம் வராது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். நான்கு மாதம் கழித்து அதே கோட்டை இன்னொரு தடவை இரவல் கேளுங்கள்.